யாரும் அவுட் ஆகாத ஆட்டம்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை நான் முதன்முதலாகச் சுற்றுலா அழைத்துப் போனது ஒரு மாந்தோப்புக்கு. நாற்பது பிள்ளைகள், நாங்கள் மூன்று ஆசிரியர்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு விளையாட்டு வைக்கலாம் என்று இசை நாற்காலியைத் தேர்ந்தெடுத்தோம். நாற்காலி இல்லாததால் மண்ணில் வட்டங்கள் வரைந்தோம். பாட்டு நின்றதும் ஆளுக்கொரு வட்டத்துக்குள் போய் நின்றுவிட வேண்டும். வட்டம் கிடைக்காதவர் அவுட்.

ஆட்டம் சூடு பிடித்தது. ஐந்து பேர் மிஞ்சியபோது மூன்று ஆசிரியர்களும் வட்டங்களைச் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு சிறுமி ஓடிவந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், அவன் கெணத்து மேட்டுல ஏறி நிக்கிறான்."

தோப்பின் மறுகோடியில் இருந்த பழைய கிணற்றின் கைப்பிடிச் சுவர் இடிந்திருந்தது. அதன் விளிம்பில் நின்று அந்தப் பையன் உள்ளே கல் போட்டுக்கொண்டிருந்தான். நல்லவேளையாக அன்று ஒன்றும் ஆகவில்லை. அவன் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, சொன்ன சொல் கேட்பவன். முதல் சுற்றிலேயே அவுட் ஆகிவிட்டான், அவ்வளவுதான். அரை மணி நேரமாக அவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை, அவனைப் பார்க்கவும் ஆளில்லை.

அதன் பிறகு சுற்றுலா விளையாட்டுகளை நான் ஒரே கேள்வி கேட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறேன்: இதில் தோற்ற பிள்ளை அடுத்த நிமிடம் என்ன செய்யும்?

காத்திருப்பின் கணக்கு

நாற்பத்தொரு பிள்ளைகள் இசை நாற்காலி ஆடுவதாக வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு ஒருவராக நாற்பது சுற்றில் ஆட்டம் முடியும். பாட்டு, நிறுத்தம், சண்டை, தீர்ப்பு எல்லாம் சேர்த்துச் சுற்றுக்கு ஒரு நிமிடம் என்றால் மொத்தம் நாற்பது நிமிடம். முதலில் வெளியேறிய பிள்ளை முப்பத்தொன்பது நிமிடம் உட்கார்ந்திருக்கும். பாதி ஆட்டம் முடியும்போது இருபது பேர் ஓரத்தில் இருப்பார்கள். பெரியவர்களின் கண்ணோ மீதமுள்ள இருபத்தொரு பேர் மேல்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. முதலில் அவுட் ஆவது பெரும்பாலும் மெதுவாக ஓடும் பிள்ளை, தள்ளத் தெரியாத பிள்ளை. அதாவது யாருக்கு ஓட்டமும் பழக்கமும் அதிகம் தேவையோ அவருக்கே குறைவாகக் கிடைக்கிறது.

எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் யாரும் அவுட் இல்லையே என்று தோன்றும். பத்துப் பேர் கொண்ட நான்கு வரிசை வைத்தால், எந்த நேரத்திலும் வரிசைக்கு ஒருவர் ஓட, ஒன்பது பேர் நிற்பார்கள். இங்கேயும் அதே காத்திருப்புதான். அதையே ஐந்து பேர் கொண்ட எட்டு வரிசையாக்கினால் காத்திருப்பு பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. விளையாட்டு அதேதான், கூடுதலாக வேண்டியது நான்கு ஸ்பூனும் நான்கு எலுமிச்சம்பழமும்.

நம் பழைய விளையாட்டுகளைக் கவனித்தால் இந்தச் சிக்கலை முன்னோர் அறிந்திருந்தது தெரியும். சடுகுடுவில் ஒருவர் அவுட் ஆனால் ஆட்டம் முடியும்வரை அவர் வெளியே இருக்க வேண்டியதில்லை. தன் அணி எதிரணியில் ஒருவரைத் தொட்டு வெளியேற்றினால் அவர் உள்ளே வந்துவிடுகிறார். அதனால் வெளியே உட்கார்ந்திருப்பவரின் கண்ணும் மனமும் களத்திலேயே இருக்கும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு தேடும்போது நான் பார்ப்பது இந்தத் "திரும்பி வரும் வழி" இருக்கிறதா என்பதைத்தான்.

முதல் இருபது நிமிடம்

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறை முடிந்து நாங்கள் போய்வந்ததை அப்படியே சொல்கிறேன். நாற்பத்தொரு பிள்ளைகள், பெரியவர்கள் நான்கு பேர். மூவர் ஆசிரியர்கள், ஒருவர் ஒரு மாணவியின் தாய். இடம் ஒரு மாந்தோப்பும் அதை ஒட்டிய திடலும். முந்தின நாள் மாலை நானும் இன்னொரு ஆசிரியரும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். உடைந்த பாட்டில் துண்டுகளைப் பொறுக்கினோம். ஒரு கிளையில் குளவிக் கூடு இருந்ததால் அந்த மூலையை முழுக்க ஒதுக்கினோம். வரப்பை ஒட்டி நான்கைந்து தென்னைகள் இருந்தன. காய் விழும் இடமென்பதால் அவற்றின் அடியிலும் ஆட்டம் கூடாது என்று முடிவு செய்தோம்.

காலை ஒன்பதரைக்கு இறங்கியதும் முதல் வேலை எல்லை சுற்றுவது. நான்கு பக்கத்து மரங்களிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தோம். பிள்ளைகள் எல்லோரையும் அந்தத் துணிகளை ஒட்டியே ஒரு முறை நடத்தி அழைத்துப் போனோம். "அந்த மரத்துக்கு அப்பால் போகாதே" என்று வாயால் சொன்னால் ஐந்து நிமிடத்தில் மறந்துபோகும். தன் காலால் நடந்த எல்லை மறக்காது.

அடுத்தது விசில் பழக்கம். நீளமாக ஒரு விசில் கேட்டால் எங்கிருந்தாலும் ஜமுக்காளத்துக்கு வந்து உட்கார வேண்டும். இதை வாயால் சொன்னதோடு விடாமல், மூன்று முறை ஓடவிட்டு விசில் ஊதிப் பழக்கினோம். முதல் முறை எல்லோரும் வந்து சேர ஒரு நிமிடம் ஆனது. மூன்றாம் முறை அதில் பாதிகூட ஆகவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஜோடி உண்டு. நாற்பத்தொன்று ஒற்றைப்படை என்பதால் ஒரு ஜோடியில் மட்டும் மூன்று பேர். கழிப்பறைக்குப் போனாலும் தண்ணீர் குடிக்கப் போனாலும் ஜோடியோடுதான் போக வேண்டும். எண்ணிக்கை எடுக்க நேரும்போது நான் தலைகளை எண்ணுவதில்லை, அசையும் தலைகளை எண்ணினால் எப்போதும் தப்பும். காலையிலேயே ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை எண் கொடுத்துவிடுகிறோம். உட்கார்ந்தபடி வரிசையாகத் தங்கள் எண்ணைச் சொல்வார்கள். முழுவதும் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எண் எங்கே நிற்கிறதோ அங்கே யார் இல்லை என்பதும் உடனே தெரிந்துவிடும்.

நான்கு பெரியவர்களுக்கும் தனித்தனி வேலை. இருவர் ஆட்டம் நடத்துவார்கள். ஒருவர் ஆபத்தான பக்கத்தில், எங்களுக்கு அது வாய்க்கால் பக்கம், ஆட்டத்துக்கு முதுகு காட்டாமல் நிற்பார். அவர் விளையாட்டில் சேரவே கூடாது. நான்காமவர் ஜமுக்காளத்திலேயே இருப்பார்: தண்ணீர், முதலுதவிப் பெட்டி, கழிப்பறைக்குத் துணை எல்லாம் அவர் பொறுப்பு. இளைப்பு உள்ள ஒரு பிள்ளையின் இன்ஹேலரும் அவர் இடுப்புப் பையில்தான். அதைப் பேருந்தில் விட்டுவிட்டு வந்தால் தேவைப்படும் நேரத்தில் கைக்குக் கிடைக்காது. ஒரே பக்கம் பார்த்து நிற்பது கண்ணை அலுக்க வைக்கும் என்பதால் முக்கால் மணிக்கு ஒரு முறை வேலை மாற்றிக்கொண்டோம். படம் எடுப்பதற்கு ஐந்து நிமிடம் தனியாக ஒதுக்கினோம். மற்ற நேரத்தில் ஒருவர் கைபேசியில் படம் எடுத்தால், காவலுக்கு மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்று பொருள்.

கப்பல் மூழ்குது

முதல் ஆட்டம் பலருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகள் திடலில் கலைந்து நடப்பார்கள். நடத்துபவர் "கப்பல் மூழ்குது, படகுக்கு ஆறு பேர்" என்று கத்தினால் ஆறு ஆறாகச் சேர்ந்து உட்கார வேண்டும். வழக்கமாக, சேர முடியாதவர்கள் அவுட். நாங்கள் அதை மாற்றிவிட்டோம். மிஞ்சியவர்கள் கூடிப் பேசி அடுத்த எண்ணைச் சொல்ல வேண்டும். மிஞ்சுவது தண்டனையாக இருந்தது போய், கொஞ்ச நேரத் தலைமையாகிவிடுகிறது.

இதில் நடத்துபவருக்கு மனக்கணக்கு வேண்டும். நாற்பத்தொரு பேரில் "நான்கு" என்று கூப்பிட்டால் ஒருவர் மட்டும் மிஞ்சுவார். எட்டு, பத்து எதைச் சொன்னாலும் ஒருவரே மிஞ்சுவார். எல்லோர் முன்னாலும் தனியாக நிற்கும் அந்த ஒருவர் பெரும்பாலும் கூச்ச சுபாவமுள்ள பிள்ளையாகத்தான் இருக்கும். ஆறு என்றால் ஐந்து பேர் மிஞ்சுவார்கள். ஏழு என்றால் ஆறு பேர். ஒன்பது என்றாலும் ஐந்து பேர். ஐந்தாறு பேர் சேர்ந்து மிஞ்சினால் அது வேடிக்கை. அதனால் தொடக்கத்தில் நாமே ஆறு, ஏழு, ஒன்பது என்று கூப்பிட வேண்டும். பிள்ளைகளின் எண்ணிக்கை தெரிந்ததும் பேருந்திலேயே இந்த வகுத்தலைப் போட்டு வைத்துவிடலாம்.

பத்து வயதில் இன்னொரு தடை உண்டு. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் கைகோக்க மாட்டார்கள். கோக்கச் சொல்லி வற்புறுத்தினால் ஆட்டமே நின்றுவிடும். அதனால்தான் கைகோப்பதற்குப் பதில் நெருங்கி உட்காருவதை வைத்தோம். "போன படகில் உன்னோடு இருந்தவர் இந்தப் படகில் இருக்கக் கூடாது" என்று ஒரு விதியையும் சேர்த்தோம். நான்காம் சுற்றுக்குள் நெருங்கிய நண்பர் கூட்டங்கள் தாமாகவே கலைந்துவிட்டன.

கடைசியாக "ஐந்து" என்று கூப்பிட்டோம். எட்டுப் படகுகள் அமைந்தன, ஒருவர் மிஞ்சினார். அவருக்குப் பிடித்த படகில் ஏறிக்கொள்ளலாம் என்றோம். அந்த எட்டுப் படகுகளே நாள் முழுதும் எட்டு அணிகள். தலைவர்கள் இருவர் நின்று ஆள் பொறுக்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அதில் கடைசியாக அழைக்கப்படும் பிள்ளைக்கு அன்றைய நாள் அங்கேயே முடிந்துவிடுகிறது.

லாக் அண்ட் கீ

தண்ணீர் குடித்ததும் ஓட்ட ஆட்டம். லாக் அண்ட் கீ எல்லாப் பள்ளியிலும் ஆடுவதுதான். பிடிக்கிறவர் தொட்டால் நின்ற இடத்திலேயே சிலையாக வேண்டும், நண்பர் வந்து தொட்டால் மறுபடி ஓடலாம். சடுகுடுவைப் போலவே இதிலும் திரும்பி வரும் வழி ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையைச் சரியாக வைக்காவிட்டால் சப்பென்று போய்விடும்.

எண்பது அடிக்கு எண்பது அடி இடத்தில் நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு ஐந்து பேர் பிடிக்கட்டும் என்று தொடங்கினோம். அந்த ஐவர் கையிலும் மஞ்சள் துணி. இரண்டு நிமிடம் கழித்து விசில் ஊதிப் பார்த்தோம். பாதிக்கு மேல் சிலையாகி நின்றால் பிடிக்கிறவர்கள் அதிகம் என்று அர்த்தம். நான்கைந்து பேர் மட்டுமே சிலையாகி, பிடிக்கிறவர்கள் மூச்சு வாங்கினால் ஆள் போதவில்லை. எங்களுக்கு ஐந்தே சரியாக இருந்தது. சுற்றுக்கு ஐந்து பேர் என்று மாறி மாறி வந்தால் எட்டுச் சுற்றில் நாற்பது பேர் பிடித்துவிடுவார்கள். கடைசிச் சுற்றில் மட்டும் ஆறு பேரை வைத்தால் ஒருவர்கூட விடுபட மாட்டார். இரண்டு நிமிடம் ஓட்டம், அரை நிமிடம் இளைப்பாறல் என்று இருபது நிமிடத்தில் முடிந்தது. "நான் பிடிக்கவே இல்ல மிஸ்" என்ற புலம்பல் எழவில்லை.

தொடுவதற்கும் ஒரு விதி. விரித்த உள்ளங்கையால் தோளிலோ கையிலோ தொடலாம், தள்ளக் கூடாது. சிலையானவர் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி நிற்பார், விடுவிப்பவர் அந்தக் கையைத் தட்டினால் போதும். சில ஊர்களில் சிலையானவரின் காலுக்கிடையே தவழ்ந்து விடுவிப்பார்கள். நெரிசலில் அது வேண்டாம். குனிந்து தவழும் தலைமேல் இன்னொருவரின் முழங்கால் மோதும்.

கிளித்தட்டு

சுண்டலும் கொய்யாவும் கொடுத்துக் கொஞ்சம் ஓய்வெடுத்த பின், பதினொரு மணிக்குக் கிளித்தட்டு. அன்றைய நாளின் முக்கிய ஆட்டம் இதுதான். தமிழ்நாட்டிலும் இலங்கைத் தமிழரிடையேயும் நெடுங்காலமாக ஆடப்படும் விளையாட்டு. ஊருக்கு ஊர் விதி மாறும். எங்கள் பக்கம் ஆடுவதைப் பத்து வயதுக்கு ஏற்றவாறு சற்று மாற்றி வைத்திருக்கிறேன்.

சுண்ணாம்புத் தூளால் முப்பது அடி நீளம், இருபது அடி அகலத்தில் ஒரு நீள்சதுரம் போட வேண்டும். நடுவே நீளவாக்கில் ஒரு கோடு. இரு முனைகளையும் சேர்த்துப் பத்தடிக்கு ஒன்றாக நான்கு குறுக்குக் கோடுகள். ஆக மொத்தம் ஆறு கட்டங்கள். காக்கும் அணியில் ஐந்து பேர். நான்கு பேர் ஆளுக்கொரு குறுக்குக் கோட்டில் நிற்பார்கள். கால் கோட்டை விட்டு விலகாமல் இடமும் வலமும் மட்டும் நகரலாம். ஐந்தாமவர்தான் கிளி. அவர் நடுக்கோட்டில் மேலும் கீழும் ஓடலாம். எதிரணியின் ஐந்து பேரும் முதல் கோட்டிலிருந்து உள்ளே புகுந்து, யாரிடமும் தொடுபடாமல் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டியவர் பழம். பழமானவர் மறுபடி வந்த வழியே திரும்பி முதல் கோட்டைத் தாண்டினால் அணிக்கு ஒரு புள்ளி.

பழைய விதிப்படி ஒருவர் தொடுபட்டாலே முழு அணியும் தோற்று, காக்கும் வேலைக்கு மாற வேண்டும். தனி ஆள் அவுட் என்பதே இதில் கிடையாது. மாறுவது வேலைதான், ஆட்டம் எல்லோருக்கும் தொடரும். அதனால்தான் இந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆனால் இந்த விதியை அப்படியே வைத்து முதல் முறை ஆடியபோது ஒரு குறை தெரிந்தது. பழக்கமில்லாத பிள்ளைகள் உள்ளே புகுந்த கால் நிமிடத்தில் யாராவது தொடுபடுவார். அணி மாறும். மறுபடி கால் நிமிடத்தில் மாறும். யாருக்கும் ஆட்டத்தின் ருசியே தெரியவில்லை. அதோடு தொடுபட்ட பிள்ளை மீது மற்ற நால்வரும் பாய்ந்தார்கள்: "எல்லாம் உன்னாலதான்!" அவுட் இல்லாத ஆட்டத்திலும் ஒரு பிள்ளை ஒதுக்கப்பட்டது.

அதற்கு இரண்டு மாற்றம் செய்தோம். தொடுபட்டவர் முதல் கோட்டுக்குத் திரும்பி மறுபடி தொடங்கலாம், மூன்று தொடல் ஆன பிறகுதான் அணி மாறும். அடுத்து, மூன்று தொடல் ஆகாவிட்டாலும் நான்கு நிமிடத்தில் விசில் ஊதி மாற்றிவிடுவோம். மூன்று பேர் பங்கு கொண்ட தோல்வியை ஒருவர் தலையில் கட்ட முடியாது. நான்கு நிமிட வரம்பால் வலிய அணி முழு நேரமும் ஓடிக்கொண்டிருக்க, எளிய அணி முழு நேரமும் காத்து நிற்கும் நிலையும் வராது.

எட்டு அணிகளுக்கு நான்கு களங்கள் போட்டோம். இரண்டு களங்களுக்கு நடுவில் ஒரு பெரியவர் நின்றால் இரண்டையும் பார்க்கலாம். ஆக நான்கு களங்களுக்கு இருவர் போதும். வாய்க்கால் பக்கத்துக் காவலும் ஜமுக்காளமும் காலியாகவில்லை. நாற்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் ஆடினார்கள். ஆறு பேர் இருந்த அணி காக்கும்போது முதல் கோட்டை மட்டும் இருவர் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

களத்தின் அளவு சரியா என்று ஆட்டமே சொல்லும். யாராலும் இரண்டாவது கோட்டைத் தாண்ட முடியவில்லை என்றால் அகலம் போதவில்லை, பக்கத்துக்கு இரண்டடி கூட்ட வேண்டும். எல்லோரும் நடந்தே பழமாகிவிட்டால் அகலம் அதிகம். எங்கள் களங்களில் ஒன்றில் காப்பவர்கள் சிறிய உருவமாக இருந்ததால் பதினாறடிக்குக் குறைத்தோம். சுண்ணாம்புத் தூளைக் காலால் அழித்துவிட்டு மறுபடி போட ஒரு நிமிடம்தான்.

எங்கள் வகுப்பில் ஒரு சிறுமிக்குக் கால் எலும்பு முறிந்து கட்டு பிரித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஓடக் கூடாது, நடக்கலாம் என்பது மருத்துவர் சொன்னது. இப்படிப்பட்ட பிள்ளையிடம் மதிப்பெண் அட்டையைக் கொடுத்து உட்காரவைப்பதுதான் வழக்கம். ஊர் விளையாட்டில் இதற்கு ஒப்புக்குச் சப்பாணி என்று ஒரு பேர்கூட இருக்கிறது. எல்லோரோடும் சேர்த்துக்கொள்ளும் நல்லெண்ணத்தில் வந்த பழக்கம்தான். ஆனால் அந்தச் சொல் சுடும், அந்தப் பிள்ளைக்கும் தன்னை ஒப்புக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள் என்பது புரியும். கிளித்தட்டில் கோடு காப்பவர் வேகமாக ஓட வேண்டியதில்லை. அவளுக்குக் கடைசிக் கோட்டின் ஒரு பாதியைக் கொடுத்தோம், மறுபாதியை இன்னொரு ஆசிரியர் நின்று காத்தார். பத்தடி நீளத்தில் இரண்டு மூன்று அடி நகர்ந்தால் போதும். அவள் அணி புகும் முறையில் மட்டும் அவள் எனக்குப் பக்கத்தில் நின்று தொடல்களை எண்ணினாள். அன்று அவள் கையில் சிக்கியவர்கள் மூன்று பேர்.

அழுகுணி ஆட்டம்

பத்து வயது விதிகளின் வயது. ஏழு வயதுப் பிள்ளை விதியை மறந்துவிடும். பத்து வயதுப் பிள்ளை விதியை வைத்து வழக்காடும். "தொட்டேன்", "தொடவே இல்ல", "அழுகுணி ஆட்டம் ஆடுறான் மிஸ்" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு பஞ்சாயத்து வரும். பெரியவர் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் அவர் அந்த ஒரு சண்டையிலேயே மாட்டிக்கொள்வார், மற்ற களத்தைப் பார்க்க ஆளிருக்காது. பார்க்காத தொடலுக்குத் தீர்ப்புச் சொன்னால் அநியாயமாகவும் ஆகும்.

அதனால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவோம்: சந்தேகம் வந்தால் சம்பந்தப்பட்ட இருவரும் சா பூ த்ரீ போட்டுக்கொள்ளுங்கள், வந்தது வந்ததுதான். இருவர் மட்டும் என்பதால் உள்ளங்கையா புறங்கையா என்பதை முன்கூட்டியே ஒருவர் சொல்லிக்கொள்வார். பத்து நொடியில் முடிந்துவிடும். பெரியவரிடம் வரும் வழக்கு இரண்டுக்கு மட்டும்: யாராவது தள்ளினால், அல்லது அடிபட்டால். தள்ளியவரை ஆட்டத்திலிருந்து நீக்குவதில்லை. இரண்டு நிமிடம் என் பக்கத்தில் நின்று களத்தைப் பார்த்துவிட்டு, பிறகு உள்ளே போகலாம்.

ஆடக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாமூச்சியைத் தோப்பில் ஆடவே விடக் கூடாது. ஒளிவது என்றாலே பெரியவர் கண்ணில் படாமல் போவதுதான். கிணறு, புதர், வைக்கோற்போர் எல்லாம் ஒளிய நல்ல இடங்களாகத் தெரியும். கிட்டிப்புள்ளில் பறக்கும் புள் கண்ணுக்கு ஆபத்து, கூட்டத்துக்கு நடுவில் ஆடுவதற்கில்லை. பச்சைக்குதிரையில் குனிந்தவரின் கழுத்தில் பாரம் விழும். கயிறு இழுப்பது ஆடலாம், ஆனால் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ள விடக் கூடாது. எதிர் அணி திடீரென இழுத்தால் சுற்றிய விரல் நசுங்கிவிடும்.

சாப்பாட்டுக்குப் பின்

வெயில் ஏறிய பன்னிரண்டு மணிக்குப் புளிசாதமும் தயிர்சாதமும். அதன்பின் முக்கால் மணி நேரத்துக்கு ஓட்டம் கிடையாது. பிள்ளைகள் தாமாகக் கலைந்து போவது இந்த நேரத்தில்தான், பெரியவர்களுக்கும் கண் செருகும். அதனால் உட்கார்ந்து ஆட ஒன்று கட்டாயம் வேண்டும்.

நாங்கள் வைத்தது துண்டு விளையாட்டு. அங்கேயே கிடைத்த பத்துப் பொருள்கள்: ஒரு மாவிலை, புளியங்கொட்டை, காக்கை இறகு, வளையல் துண்டு, இப்படி. ஒரு துண்டின் மேல் பரப்பி ஒரு நிமிடம் பார்க்கவிட்டு மூடிவிட வேண்டும். ஒவ்வோர் அணியும் நினைவிருப்பதைக் கிசுகிசுத்துப் பட்டியல் எழுதும். அடுத்த சுற்றில் ஒன்றை மட்டும் ரகசியமாக எடுத்துவிட்டு எது இல்லை என்று கேட்க வேண்டும். சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு இது கிம் விளையாட்டு என்று தெரியும். 1901இல் வெளிவந்த கிப்ளிங்கின் 'கிம்' நாவலில் ஒரு சிறுவனுக்குக் கூர்மையாகப் பார்க்கப் பழக்கிய முறை இது. அதை பேடன் பவல் சாரணர் பயிற்சிக்குள் கொண்டுவந்தார். காலையில் கிளித்தட்டில் திணறிய சில பிள்ளைகள் இதில் பத்தையும் சொன்னார்கள். ஒரே நாளில் வேறு வேறு திறமைக்கு இடமளிக்க இது நல்ல வழி.

இரண்டு மணிக்கு மரநிழலில் குலை குலையா முந்திரிக்காய். வட்டமாக உட்கார்ந்திருக்க, ஒருவர் கையில் துணியோடு சுற்றி வந்து யார் முதுகுக்குப் பின்னாலாவது போடுவார். அவர் எழுந்து துரத்த வேண்டும். போட்டவர் காலி இடத்தில் வந்து உட்கார்ந்தால் தப்பித்தார். ஒரே பெரிய வட்டமாக வைத்தால் ஒரு ஓட்டம் இருபது நொடி என்றாலும் நாற்பது பேருக்கும் முறை வரப் பதின்மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் பாதிப் பேர் மண்ணில் படம் வரையத் தொடங்கிவிடுவார்கள். இரண்டிரண்டு அணிகளைச் சேர்த்து நான்கு வட்டமாக்கினால் மூன்றரை நிமிடத்தில் எல்லோருக்கும் முறை வந்துவிடும். வட்டங்களுக்கிடையே பதினைந்து அடியாவது விட வேண்டும், இல்லாவிட்டால் துரத்துபவர்கள் மோதிக்கொள்வார்கள்.

இந்த ஆட்டத்தில் மறைவாக ஒரு அவுட் இருக்கிறது. பிள்ளைகள் துணியைத் தங்கள் சிநேகிதர் பின்னால்தான் போடுவார்கள். சிநேகிதர் குறைவான பிள்ளை கடைசிவரை எழவே எழாது. யாரும் அவுட் ஆக்கவில்லை, ஆனால் ஆட்டத்தில் இல்லை. அதனால் ஓடி முடித்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், கை கட்டியவர் பின்னால் துணி போடக் கூடாது என்று ஒரு விதி. எல்லோர் கையும் கட்டியான பிறகு புதிதாகத் தொடங்கலாம்.

இரண்டரை மணிக்கு, ஆட்டம் இன்னும் சூடாக இருக்கும்போதே, நீண்ட விசில். பிள்ளைகள் சலிக்கும்வரை ஆடவிட்டால் கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான் அடியும் அழுகையும் வரும். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து எண் சொன்னார்கள். நாற்பத்தொன்று வரை தடையில்லாமல் போனது. ஆளுக்கு இரண்டு கடலைமிட்டாய், வென்றவருக்கும் தோற்றவருக்கும் அதே இரண்டு. பேருந்தில் ஏறியதும் மறுபடி ஒருமுறை எண்.

அடுத்த திங்கட்கிழமை காலை, மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது பள்ளிக்குள் நுழைந்தேன். மைதானத்து மண்ணில் யாரோ குச்சியால் கோடு கிழித்திருந்தார்கள். நான்கு குறுக்குக் கோடுகள், நடுவில் ஒன்று. கொஞ்சம் கோணல்தான். பத்துப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கால் முறிந்து தேறிய அந்தச் சிறுமி கடைசிக் கோட்டின் பாதியில் நின்றாள். மறுபாதியில், அன்று ஆசிரியர் நின்ற இடத்தில், அந்தப் பிள்ளைகளில் ஒருவனே போய் நின்றிருந்தான். அவனை அங்கே நிற்கச் சொன்ன பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லை.